தாமதமாகத் திரும்பும் வருமான வரிக்கு இழப்பீடு: நாள் எங்கே தொடங்குகிறது?

சுங்கை சிப்புட் தோட்டக் கிராணி ஒருவரிடம் ஆண்டு முழுதும் மாதச் சம்பள வரிப் பிடித்தமான பிசிபி மூலம் 3,900 ரிங்கிட் பிடிக்கப்பட்டு, கழிவுகள் போக உண்மையான வரி 1,500 ரிங்கிட்தான் என்று வந்தால், திரும்ப வேண்டியது 2,400 ரிங்கிட். அது தாமதமானால், 1967 வருமான வரிச் சட்டத்தின் 111D பிரிவு ஆண்டுக்கு 2 விழுக்காட்டை நாள் கணக்கில் இழப்பீடாக வழங்குகிறது.

பலர் தடுமாறுவது நாளை எண்ணுவதில்தான். மார்ச்சிலேயே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் பிஇ பாரத்தை அனுப்பியிருந்தாலும், எண்ணிக்கை அனுப்பிய நாளிலிருந்து அல்ல, கெடுநாளான ஏப்ரல் 30-இலிருந்தே தொடங்கும். இணையத்தில் அனுப்பியவருக்கு அதன்பின் 90 நாள் ஜூலை 29-இல் முடிவதால், இழப்பீடு ஜூலை 30 முதல் சேரும். தாளில் அனுப்பியவருக்கு 120 நாள்.

கிராணிக்கு அக்டோபர் 10 வரை தாமதமானால் 73 நாள் ஆகிறது:

```
2400 × 2% × 73 ÷ 365 = 9.60
```

ஒன்பது ரிங்கிட் அறுபது சென். பெரிய தொகையல்லதான், ஆனாலும் உரிமைத்தொகை. கெடுநாளுக்குப் பிறகு பாரம் அனுப்பியவருக்கு இது கிடையாது. பழைய வரிப் பாக்கிக்கு ஈடுகட்டப்பட்ட பகுதி கைக்கு வராது என்பதால், மீதித் தொகையை வைத்தே கணக்கிட வேண்டும்.