தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படுவது ஏன்? மெட்டா தலைப்பிலும் விளக்கத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் திருமண விருந்து செய்து கொடுக்கும் ஒரு சைவ உணவகம் தன் இணையப் பக்கத்துக்கு இப்படித் தலைப்பு வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "முகப்பு - தரமும் சுவையும் நிறைந்த சிறந்த சேவை - திருமண விருந்து மற்றும் சைவ உணவு ஏற்பாட்டாளர்கள், பினாங்கு". கணினியில் கூகுள் தேடல் முடிவில் இதன் முதல் பாதிதான் தெரியும். மகளின் திருமணத்துக்குச் சமையல்காரர் தேடும் ஒருவர் கண்ணில் படுவது "முகப்பு", "தரம்", "சுவை" ஆகியவை மட்டுமே. திருமணமும் பினாங்கும் மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. அவர் தேடியதே அந்த இரண்டையும்தான்.

"தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும்" என்ற விதியைப் பலரும் அப்படியே பின்பற்றுகிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். அந்த எண் ஆங்கில எழுத்துகளை வைத்து வந்தது. கூகுள் எழுத்துகளை எண்ணி வெட்டுவதில்லை. திரையில் இருக்கும் இடத்தின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. கணினித் திரையில் அந்த அகலம் ஏறத்தாழ 600 பிக்சல் என்பது இத்துறையில் இருப்பவர்களின் கணக்கு. கூகுள் அதிகாரபூர்வமாக எந்த எண்ணையும் அறிவிக்கவில்லை. ஆங்கிலத்தின் i, l போன்ற மெலிந்த எழுத்துகளோடு ஒப்பிட்டால் நம்முடைய ண, ணா, னை எல்லாம் பல மடங்கு அகலம்.

எண்ணும் கருவிகளும் நம்மை ஏமாற்றுகின்றன. "பினாங்கு சைவத் திருமண விருந்து: வாழை இலைப் பந்தி" என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் எண்ணினால், இடைவெளிகளையும் குறியையும் சேர்த்து 30. கணினி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாகச் சேமிப்பதால், அதன் கணக்கில் 48. பைட்டுகளை எண்ணும் கருவியாக இருந்தால் 130 என்று காட்டி, தலைப்பு மிக நீளம் என்று எச்சரிக்கும். தலைப்பு ஒன்றுதான், எண்கள் மூன்று. அவற்றில் ஒன்றுகூட அகலத்தைச் சொல்வதில்லை. 60 வரை போகலாம் என்று ஒரு கருவி பச்சை விளக்குக் காட்டும் தமிழ்த் தலைப்பு உண்மையில் வெட்டுப்படக்கூடும்.

அதனால் எண்ணுவதை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். உங்கள் பக்கத்தைக் குரோமில் திறந்து, F12 அழுத்தி, கன்சோலில் இதை இடுங்கள்:

```
const c = document.createElement('canvas').getContext('2d');
c.font = '20px Arial';
c.measureText(document.title).width
```

வரும் எண் 540-க்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 600 வரை ஏன் போகக்கூடாது என்றால், ஏரியல் எழுத்துருவில் தமிழ் இல்லை. விண்டோஸ் அதற்குப் பதிலாக ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது, மேக் வேறொன்றை. ஒரே தலைப்பு இரண்டு கணினிகளில் இரண்டு அகலத்தில் நிற்கும். கைப்பேசியில் தலைப்பு அடுத்த வரிக்கு மடங்கும் என்பதால் அங்கே நெருக்கடி சற்றுக் குறைவு. அளக்க வசதி இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை 25 அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இடம் இவ்வளவு குறைவு என்றால் எதை முதலில் வைப்பது என்ற கேள்வி வருகிறது. பலர் கடைப் பெயரை முன்னால் வைக்கிறார்கள். 2022 அக்டோபர் முதல் கூகுள் தளத்தின் பெயரைத் தலைப்புக்கு மேலே தனி வரியில் காட்டத் தொடங்கியது. முதலில் கைப்பேசியில், பின்னர் கணினியிலும். ஆகவே உள்பக்கங்களின் தலைப்பில் கடைப் பெயரைத் திரும்பச் சொல்வது இருக்கும் இடத்தையும் வீணாக்குவதாகும். என்ன பொருள், எந்த ஊர் என்ற இரண்டையும் முதல் நான்கைந்து சொற்களுக்குள் வைத்துவிட வேண்டும். "சிறந்த", "தரமான" ஆகியவை போனால் யாருக்கும் நட்டமில்லை.

மலேசியாவில் நாம் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு இரண்டு மொழிகளை ஒரே தலைப்பில் திணிப்பது. இங்குள்ள தமிழர்களில் பலர் ஆங்கில எழுத்தில் தேடுவது உண்மைதான். அதற்காகத் தமிழில் எழுதப்பட்ட பக்கத்துக்கு "Indian Wedding Catering Penang" என்று ஆங்கிலத் தலைப்பு வைத்தால், கூகுள் அதைப் புறக்கணித்துப் பக்கத்தில் உள்ள தமிழ் வரி ஒன்றைத் தானே தலைப்பாக்கிக் காட்டக்கூடும். பக்கத்தின் மொழியும் எழுத்தும் தலைப்போடு பொருந்தாதபோது அப்படி மாற்றுவோம் என்று 2022 ஜூனில் அவர்களே அறிவித்தார்கள். சரியான வழி, ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம், தமிழுக்குத் தனிப் பக்கம். எந்தப் பக்கம் எந்த மொழி என்று கூகுளுக்குச் சொல்லும் `hreflang` குறிப்பால் இரண்டையும் இணைத்துவிட்டால் போதும்.

தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் விளக்கத்துக்கு வருவோம். மெட்டா விளக்கம் தரவரிசையை உயர்த்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. படிப்பவரைச் சொடுக்க வைப்பது மட்டுமே அதன் வேலை. "பல ஆண்டுகளாகத் தரமான சேவை வழங்கி வருகிறோம்" என்ற வரியைப் படித்து யார் சொடுக்குவார்? விருந்து ஏற்பாடு செய்கிறவருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லுங்கள்: "50 பேர் முதல் வாழை இலை விருந்து. ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் மண்டபங்களுக்கு வந்து பரிமாறுகிறோம். ஓர் இலை 18 ரிங்கிட் முதல்." விலையைப் பார்த்துப் பின்வாங்குகிறவர் எப்படியும் வாங்கப் போவதில்லை.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நீங்கள் எழுதியதை கூகுள் எப்போதும் காட்டாது. தேடியவரின் கேள்விக்குப் பக்கத்தில் உள்ள வேறு வாசகம் நன்றாகப் பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்ளும். ஆகவே விளக்கத்தில் சொல்லும் ஊர்ப் பெயர்களும் விலையும் பக்கத்துக்குள்ளும் தெளிவான வாக்கியங்களாக இருக்கட்டும்.

தளத்தை அமைத்தவர் பக்கத்தின் முதல் 155 குறிகளைத் தானாக வெட்டி விளக்கமாக்கும் நிரலை வைத்திருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். பிஎச்பி மொழியின் `mb_substr` உயிர்மெய்க்கு நடுவிலும் வெட்டும்; "ரசம்" என்று முடிய வேண்டியது புள்ளி இழந்து "ரசம" என்று நிற்கும். `substr` இன்னும் மோசம், எழுத்தே உடைந்து கேள்விக்குறிக் கட்டம் தோன்றும். `grapheme_substr` முழு எழுத்தாக வெட்டும். அதற்குப் பிறகும் கடைசி இடைவெளிவரை பின்னால் வந்து, முழுச் சொல்லோடு நிறுத்துவதே அழகு. இரட்டை மேற்கோள் குறியும் ஒரு பொறி:

```
<meta name="description" content="பினாங்கில் "தலைவாழை" விருந்து">
```

இங்கே விளக்கம் "பினாங்கில்" என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் குறியை ஒற்றை மேற்கோளாக்குங்கள்.

மாற்றிய பிறகு பலன் வந்ததா என்று பார்ப்பதிலும் அவசரப்படுகிறார்கள். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில், தளம் முழுமைக்குமான சொடுக்கு விகிதத்தைப் பார்ப்பதில் பயனில்லை. பக்கம் மூன்றாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு இறங்கினாலே விகிதம் விழும், அதற்குத் தலைப்பு காரணமல்ல. மாற்றிய பக்கத்தை மட்டும் வடிகட்டி, அதே தேடல் சொல்லுக்கு, சராசரி இடம் ஏறத்தாழ ஒன்றாக இருந்த இரண்டு காலங்களை ஒப்பிடுங்கள். பந்தி விருந்துக்கு முகூர்த்த மாதங்களில் தேடல் கூடும். ஆடியை ஆவணியோடு ஒப்பிட வேண்டாம், போன ஆவணியோடு இந்த ஆவணியை வையுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருப்பதால் அது முடியும். கூகுள் புதிய தலைப்பை எடுத்துக்கொண்ட நாளிலிருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும் என்பதால், தேடிப் பார்த்து, முடிவில் புதிய தலைப்பு தெரிந்த தேதியைக் குறித்து வையுங்கள்.