ஆடுகிற பழைய நாற்காலியைப் பிரித்து ஒட்டுவது எப்படி?

பழைய மரச் சாமான்களைச் சரிசெய்யத் தொடங்குகிறவர் முதலில் நாற்காலியில் கை வைப்பது நல்லது. அலமாரியோ கட்டிலோ சின்னப் பட்டறைக்குள் நுழைந்தால் நாம் வெளியே நிற்க வேண்டியதுதான். நாற்காலிக்கு ஒரு சதுர மீட்டர் இடம் போதும். பிரித்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டிச் சுவரோரம் சாத்திவிடலாம். வேண்டாமென்று ஒதுக்கப்படுகிற பல நாற்காலிகளில் மரம் திடமாகவே இருக்கும், ஆட்டம் மட்டும்தான் குறை.

அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? மரம் ஈரக் காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். நீளவாட்டில் இந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை, குறுக்குவாட்டில்தான் தெரியும். நாற்காலியின் சட்டம் காலோடு சேருகிற இடத்தில் சட்டத்தின் நார் ஒரு திசையில் ஓடுகிறது, காலின் நார் வேறு திசையில் ஓடுகிறது. பருவம் மாறும்போதெல்லாம், சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கான கழுந்தும் அது நுழைகிற காலின் துளையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொள்வதால் நடுவில் இருக்கும் பசை மெல்ல மெல்ல விட்டுவிடும். மேலே உட்காருகிறவர் பின்னால் சாய்ந்து ஆடினால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். அதனால்தான் பக்கச் சட்டம் பின்காலில் சேருகிற மூட்டு முதலில் தளர்கிறது.

இதற்கு ஆணி அடிப்பவர்கள் உண்டு. அடித்த அன்றைக்கு நாற்காலி விறைப்பாக நிற்கும். அப்புறம் ஆட்டம் தொடரத் தொடர ஆணி துளையைப் பெரிதாக்கி, கழுந்தையும் பிளந்துவிடும். வாங்கும்போது மூட்டில் ஆணித்தலை தெரிந்தால், யாரோ ஒருவர் ஏற்கெனவே ‘சரிசெய்த’ நாற்காலி என்று புரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

ஒரு கையால் முன்காலையும் இன்னொரு கையால் பின்காலையும் பிடித்துக்கொண்டு எதிரெதிராக அசையுங்கள். எந்த மூட்டு திறந்து மூடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். கழுந்து வேலை செய்த மூட்டு தளர்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. காலில் நார்வாட்டில் முழு நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தால் முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம்.

அடுத்து, அடிப்பக்கத்தைக் கறுப்புத் தாளின் மேல் வைத்துத் தட்டுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் துளைகள் இருந்து, அவற்றிலிருந்து மாவு மாதிரித் தூள் புதிதாகக் கொட்டினால் உள்ளே புழு இன்னும் வேலை செய்கிறது. அதைப் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள். அடுக்கி வைத்திருக்கும் நல்ல மரத்துக்கும் அது பரவும். துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பெரும்பாலும் பழைய கதை.

மிகப் பழைய பெயின்ட் அடித்த நாற்காலி என்றால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள், அதுவும் காற்றோட்டம் குறைந்த சின்ன அறையில் வேண்டவே வேண்டாம்.

பிரிப்பது

தொடுவதற்கு முன் எல்லா மூட்டுக்கும் இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டி எண் போடுங்கள். கால் பக்கம் 1, சட்டத்தின் பக்கமும் 1. எல்லாக் கழுந்தும் ஒரே மாதிரி தெரிந்தாலும் கையால் செய்தவை ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தாது.

மூட்டில் குறுக்கே முளையோ ஆணியோ இருக்கிறதா என்று தேடி, இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு அடித்தால் கழுந்து உடையும். பிறகு காலின் மேல் ஒரு கட்டைத் துண்டை வைத்து, மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் மூட்டுக்கு மிக அருகில் தட்டுங்கள். தள்ளித் தட்டினால் காலே நெம்புகோலாகித் துளையின் வாயைப் பிளந்துவிடும்.

இறுக்கமாக இருக்கிற மூட்டைப் பிடிவாதமாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஆறு மூட்டு தளர்ந்து இரண்டு உறுதியாக இருந்தால் அந்த இரண்டையும் அப்படியே விடுங்கள். அசைவு இருந்தும் வராமல் அடம் பிடித்தால், இடுக்கில் சிரிஞ்சால் வெதுவெதுப்பான வினிகரை விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். வெள்ளைப் பசையையும், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பழைய காலத்துப் பசையான வச்சிரத்தையும் அது இளக்கும்.

பழைய பசையை எடுப்பது

இந்த வேலையைத்தான் எல்லோரும் தாவிப் போகிறார்கள். வெள்ளைப் பசை மரத்தின் நாருக்குள் இறங்கித்தான் பிடிக்கிறது. காய்ந்த பழைய பசை அந்த நாரை அடைத்துக்கொண்டிருந்தால் புதுப் பசைக்கு இறங்க வழியில்லை. மேலே மேலே எத்தனை சொட்டு விட்டாலும் சில மாதங்களில் மறுபடி ஆடும்.

என்ன பசை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சொட்டு வெந்நீரைப் பழைய பசையின் மேல் வைத்துச் சில நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது வச்சிரம். வெளுத்து ரப்பர் போல ஆனால் வெள்ளைப் பசை. எதுவுமே ஆகாமல் கண்ணாடி போல இருந்தால் எபாக்சியாக இருக்கலாம், சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

வச்சிரமாக இருந்தால் வேலை பாதி குறைந்தது. புதிய சூடான வச்சிரம் பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும் என்பதால், உதிர்கிறதை மட்டும் எடுத்தால் போதும். வெள்ளைப் பசையானால் வினிகரில் நனைத்த துணியைக் கழுந்தின் மேல் சுற்றி வைத்து, இளகியதும் மழுங்கிய உளியால் வழித்தெடுங்கள். துளைக்குள் குறுகிய உளியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள். மரத்தைச் செதுக்காதீர்கள், பசையை மட்டும். ஒவ்வொரு கீற்று மரத்தையும் நாமே அடுத்த படியில் திருப்பிப் போட வேண்டியிருக்கும். ஈரம் பட்ட மரம் ஓரிரு நாள் காயட்டும்.

கழுந்தைத் தடிமனாக்குவது

இப்போது பசை இல்லாமல் மூட்டைச் சேர்த்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் கொஞ்சம் முரண்டு பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தால் கழன்று விழக்கூடாது. வெள்ளைப் பசை தாள் தடிமன் இடைவெளியைத்தான் நம்பகமாகப் பிடிக்கும், அதற்கு மேல் அது வெறும் அடைப்பு.

ஒரு கணக்குப் பார்க்கலாம். துளையின் அகலம் 10 மில்லிமீட்டர், தேய்ந்த கழுந்தின் தடிமன் 9. ஒரு மில்லிமீட்டர் குறைகிறது. இதை ஒரே பக்கம் நிரப்பினால் சட்டம் முழுவதும் அதில் பாதி அளவுக்கு மறுபக்கம் தள்ளிப்போகும், எதிர்ச் சட்டத்தோடு சேராது. அதனால் மெல்லிய மரத் தகடான வெனீரில் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டு இரண்டை எடுத்து, கழுந்தின் இரண்டு கன்னத்திலும் ஒன்றொன்றாக ஒட்டுங்கள். வெனீரின் நாரும் கழுந்தின் நாரும் ஒரே திசையில் ஓட வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரண்டு தட்டையான கட்டைகளுக்கு நடுவே கிளாம்பில் இறுக்குங்கள். பிளாஸ்டிக் இல்லையென்றால் கட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்த பிறகு 10.2 மில்லிமீட்டர் இருக்கும். அந்த 0.2 நமக்குச் சாதகம். கட்டையில் சுற்றிய 120 எண் உப்புத்தாளால் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்து, அடிக்கடி துளையில் நுழைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எங்கே இறுக்குகிறது என்று தெரியவில்லையா? கழுந்தின் மேல் பென்சிலால் கிறுக்கி நுழைத்து எடுங்கள். பளபளப்பாக மழுங்கிய இடம்தான் இடிக்கிற இடம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு எபாக்சியை ஊற்றி நிரப்பலாமே என்று கேட்கலாம். அது இடைவெளியை நிரப்பும், நன்றாகப் பிடிக்கவும் செய்யும். ஆனால் அடுத்த தடவை யாராலும் அந்த மூட்டைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. துளையின் சுவரே சிதைந்துபோன மூட்டுக்கு மட்டும் நான் அதை எடுப்பேன்.

ஒட்டி இறுக்குவது

எட்டு மூட்டையும் ஒரே மூச்சில் ஒட்ட வேண்டாம். வெள்ளைப் பசை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் பிடிக்கத் தொடங்கிவிடும். முதல் நாள் முன்கால் இரண்டும் அவற்றுக்கு நடுவிலுள்ள சட்டமும், பின்கால்களும் அவற்றுக்கு நடுவிலுள்ள சட்டமும் முதுகுப் பலகையும் எனத் தனித்தனிச் சட்டகமாக ஒட்டிக் காய விடுங்கள். மறுநாள் பக்கச் சட்டங்களால் இரண்டையும் சேருங்கள்.

பசையைத் துளையின் சுவர்களில் தடவுங்கள், கழுந்தில் மெல்லிய பூச்சு போதும். துளையின் அடியில் தேங்கினால், கழுந்து உள்ளே இறங்கும்போது பசை வெளியேற வழியில்லாமல் எதிர்த்துத் தள்ளும். மூட்டு முழுதாக மூடாது.

நீளக் கிளாம்ப் நான்கு வாங்கினால் அவற்றை வைக்கவே இடம் வேண்டும். அதற்குப் பதில் கயிறு போதும். நான்கு காலையும் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்கு ஏற ஏற எல்லா மூட்டும் ஒரே சமயத்தில் உள்ளே இழுபடும். கயிறு படுகிற மூலையில் அட்டை வையுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் தழும்பு விழும். குச்சியை ஒரு சட்டத்தில் சாய்த்துக் கட்டிவிடுங்கள்.

உடனே இருக்கைச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நாற்காலியின் முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகியும் இருந்தாலும் இரண்டு அளவும் சமமாகவே வர வேண்டும். ஒன்று அதிகமாக இருந்தால் அந்த மூலைகளை நெருக்கித் தள்ளுங்கள், பசை ஈரமாக இருக்கும்வரைதான் இது நடக்கும். பிறகு நான்கு காலும் ஒரே சமதளத்தில் நிற்கும்படி வைத்துவிடுங்கள்.

பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைக்கத் தோன்றும். துடைத்தால் அது மெல்லியதாகப் பரவி, பாலிஷ் போடும்போது அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். அரை மணி நேரம் கழித்து ஜெல் மாதிரி ஆனதும் உளியால் சீவி எடுங்கள். கயிற்றை ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவிழ்க்கலாம், ஆனால் 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது.

காய்ந்த பின் இருக்கைச் சட்டத்தின் உள்மூலைகளில் முக்கோணக் கட்டைகளைப் பசையும் திருகும் போட்டுப் பொருத்துங்கள். திருகுக்கு நாற்காலியில் உரிய இடம் இதுதான்.

காலும் இருக்கையும்

இன்னும் ஆடினால் முதலில் தரையைச் சந்தேகியுங்கள். சமமான பலகை மேல் வைத்துப் பார்த்து, குட்டையான காலுக்கு அடியில் அட்டை செருகி இருக்கையை மட்டப்படுத்துங்கள். ஒரு சின்னக் கட்டையைப் பலகை மேல் படுக்க வைத்து, அதன் மேல் பென்சிலை வைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். கட்டையின் உயரம் அந்த அட்டையின் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும். கோடு வரை மூன்று கால்களையும் அறுத்து, குட்டைக் காலைத் தேய்த்தாலே சரியாகிவிடும்.

இருக்கைப் பலகை உளுத்திருந்தால் தூக்கிப் போட்ட அலமாரிக் கதவு ஒன்று கைகொடுக்கும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். மேலே பஞ்சும் துணியும் போடுவதாக இருந்தால் பலகையை எல்லாப் பக்கமும் 2 மில்லிமீட்டர் சிறிதாக வெட்டுங்கள். துணி ஓரம் மடிந்து வரும்போது அந்த இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். அளவெடுத்தபடியே வெட்டியவர்கள், கடைசியில் இருக்கையைச் சுத்தியலால் அடித்து இறக்கி, இப்போதுதான் ஒட்டிய மூட்டைத் திறந்துவிடுகிறார்கள்.

மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் எடுத்தால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணியில் சூடு அடைந்து தானாகவே தீப்பிடிக்கலாம். மரத்தூளும் சீவலும் சூழ்ந்த சின்னப் பட்டறையில் அது போதும். துணியைத் தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.