நிஃப்டியா, கடன் ஃபண்டா? மாதம் ஒருமுறை பார்க்கும் இரட்டை மொமென்டம்

இந்த முறையில் மாதக் கடைசியில் இரண்டே கேள்விகள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் நிஃப்டி 50, குறுகிய காலக் கடனில் பணம் போடும் லிக்விட் ஃபண்டைவிட அதிகம் தந்ததா? தந்திருந்தால் பணம் முழுவதும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கும். தரவில்லை என்றால், லிக்விட், அரசுக் கடன் பத்திரங்களில் போடும் கில்ட் ஃபண்ட் இரண்டில் எது அதிகம் தந்ததோ அதற்குப் போகும்.

கூகுள் ஷீட்டில் A-யில் தேதி, B-யில் நிஃப்டி ஃபண்டின் ஒரு யூனிட் விலையான என்ஏவி, C-யில் லிக்விட், D-யில் கில்ட் என்று போடுங்கள். மூன்றும் குரோத் பிரிவாக இருக்கட்டும்; டிவிடெண்டும் வட்டியும் அதற்குள்ளேயே சேர்ந்துவிடும். பழைய என்ஏவி ஆம்ஃபி தளத்தில் கிடைக்கும். முதல் வரி தலைப்புக்கு; அதற்குக் கீழே மாதத்தின் கடைசி வர்த்தக நாளுக்கு ஒரு வரி. பதின்மூன்று வரிகள் சேர்ந்ததும் இதை எழுதுங்கள்:

```
=IF(B14/B2>C14/C2,"Nifty",IF(D14/D2>C14/C2,"Gilt","Liquid"))
```

அடுத்த மாதம் இதையே ஒரு வரி கீழே இழுத்துவிட்டால் போதும்.

சரி, 2020-இல் இது என்ன சொல்லியிருக்கும்? எளிமைக்காக நிஃப்டிக்கு மட்டும் குறியீட்டுப் புள்ளிகளையே எடுக்கிறேன். 2019 பிப்ரவரி கடைசியில் 10,792. 2020 பிப்ரவரி 28-இல் 11,201. ஏற்றம் 3.8%. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: லாபத்தில்தானே இருக்கிறது, ஏன் விற்க வேண்டும்? லிக்விட் ஃபண்ட் அதே ஓராண்டில் ஆறு சதவீதத்தை ஒட்டித் தந்திருந்தது. ரிஸ்க் எடுத்தும் அதைத் தாண்டவில்லை என்றால் வெளியே வர வேண்டும் என்பதே விதி. கில்ட் பத்துக்கும் மேல் தந்திருந்ததால் பணம் அங்கே போயிருக்கும். மார்ச் 23-இல் நிஃப்டி 7,610-க்கு விழுந்தபோது நீங்கள் உள்ளே இல்லை.

ஆனால் திரும்பி வந்த கதையையும் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில்கூட ஓராண்டு ஏற்றம் 3.3% மட்டுமே. நவம்பர் 27-இல்தான் 7.6% காட்டி, லிக்விட்டைத் தெளிவாகத் தாண்டியது. அன்று நிஃப்டி 12,968. அதாவது வெளியே வந்த விலையைவிட ஏறத்தாழ 16% அதிக விலையில்தான் திரும்ப உள்ளே வந்திருப்பீர்கள். கில்ட்டில் வந்ததைச் சேர்த்தாலும், எதையும் தொடாமல் நிஃப்டியிலேயே இருந்தவர்தான் முன்னால் இருப்பார். 2008 போல நீண்டு இழுக்கும் சரிவில்தான் இந்த முறைக்கு வேலை. மின்னல் சரிவிலும் மின்னல் மீட்சியிலும் அது தாமதமாகவே வரும்.

இன்னொன்று வரி. ஓராண்டுக்குள் நிஃப்டி ஃபண்டை விற்றால் லாபத்தில் 20%. 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன் ஃபண்டு லாபத்துக்கு உங்கள் வருமான வரி விகிதமே. நிஃப்டியும் லிக்விட்டும் ஒட்டி ஒட்டி ஓடும் மாதங்களில் உள்ளே வெளியே என்று மாறிக்கொண்டே இருந்தால், இது பலனைத் தின்றுவிடும். அதனால் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்பது என் பழக்கம். அப்படி ஒரு இடைவெளி வேண்டுமென்றால் தொடங்கும்போதே முடிவுசெய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சந்தை விழும் வாரத்தில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள்.