பயிற்சி வகுப்புக்கு நிறுவனத்திடம் பணம் கேட்டு எழுதுவது எப்படி?

"எக்செல் நன்றாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன்" என்று எழுதினால் மேலாளர் படித்துவிட்டு அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். உங்கள் பிரிவில் எந்த வேலை எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது, பயிற்சிக்குப் பிறகு அது எவ்வளவு குறையும் என்று எழுதினால் நின்று படிப்பார். ஒரு மாதிரியை வைத்தே பார்ப்போம்.

கோலாலம்பூரில் ஒரு விநியோக நிறுவனம். கணக்குப் பிரிவில் நான்கு பேர். மூன்று வங்கிகளின் கணக்கு அறிக்கைகளை இறக்கி, ஒரே தாளில் ஒட்டி, வரவை இன்வாய்ஸோடு ஒத்துப்பார்ப்பது வாராந்தர வேலை. அதில் ஒருவர், தரவை இறக்கிச் சீராக்கும் எக்செல் கருவியான பவர் குவெரியைக் கற்றுத்தரும் இரண்டு நாள் வகுப்புக்குப் போக விரும்புகிறார். கட்டணம் 1,800 ரிங்கிட்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

இரண்டு வாரம், இந்த வேலைக்கு யாருக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்து வையுங்கள். எங்கே சிக்குகிறது என்பதையும் எழுதுங்கள். நம் மாதிரியில் சிக்கல் தேதியில் இருக்கிறது. வங்கி 03/04 என்று தருவது ஏப்ரல் 3. கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் எக்செல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 12ஆம் தேதிக்கு மேல் வருபவை தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். இதைக் கையால் திருத்துவதிலேயே பாதி நேரம் போகிறது. பவர் குவெரியில் தேதி முறையை ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த வாரமும் அப்படியே ஓடும். வகுப்பின் பாடத்திட்டத்தில் இது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது உங்களுக்கான வகுப்பு இல்லை.

படி 2: மணியை ரிங்கிட்டாக்குங்கள்

ஆளுக்கு வாரம் இரண்டரை மணி, நான்கு பேருக்குப் பத்து மணி என்று வைப்போம். மாதச் சம்பளம் ஆளுக்கு 3,500 ரிங்கிட். வேலைச் சட்டத்தின் வழக்கப்படி 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு சுமார் 135, எட்டு மணி வேலையில் மணிக்கு சுமார் 17 ரிங்கிட். நேரம் முழுவதும் மிச்சமாகும் என்று சொல்லாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். பாதி என்றால் வாரம் ஐந்து மணி, 85 ரிங்கிட். செலவுப் பக்கத்தில் கட்டணத்தோடு இரண்டு நாள் சம்பளம் 270ஐயும் சேர்த்தால் 2,070. சுமார் ஆறு மாதத்தில் ஈடாகிவிடும்.

ஆனால் இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. யாருடைய சம்பளமும் குறையப் போவதில்லை. நிறுவனத்தின் கைக்கு அந்த 85 ரிங்கிட் வராது. கூர்மையான மேலாளர் இதை உடனே பிடித்துவிடுவார். அதனால் மிச்சமாகும் ஐந்து மணி எங்கே போகும் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்: 60 நாள் தாண்டிய பாக்கிக்கு வாடிக்கையாளர்களை அழைப்பது, மாதக் கணக்கை 8ஆம் தேதிக்குப் பதில் 6ஆம் தேதி முடிப்பது. என்னைக் கேட்டால், கடிதத்தின் உயிரே இந்த வரிதான்.

படி 3: லெவியைப் பற்றி எச்ஆரிடம் கேளுங்கள்

பயிற்சி நிதிக்கான சட்டத்தின் கீழ் வரும் துறைகளில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள நிறுவனம் சம்பளத்தில் 1 விழுக்காட்டைத் தொழிலாளர் பயிற்சிக்கான அரசு அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாகக் கட்டுகிறது. அந்தத் தொகையிலிருந்தே பயிற்சிக்குப் பணம் எடுக்கலாம். மீதி எவ்வளவு இருக்கிறது, இந்த வகுப்பு அங்கே பதிவு பெற்றதா என்று கேளுங்கள். விண்ணப்பத்தை நிறுவனம்தான் எச்ஆர்டி கார்ப்பின் இணையத்தளம் வழியாக அனுப்ப வேண்டும், அதுவும் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே. முதலில் போய்விட்டு அப்புறம் கேட்டால் கிடைக்காது. விலைப்பட்டியலில் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 4: எழுதுங்கள்

ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதுவீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

> மேடம், வங்கி அறிக்கைகளை ஒத்துப்பார்க்க நம் பிரிவுக்கு வாரம் பத்து மணி நேரம் போகிறது (இரண்டு வாரக் குறிப்பு இணைப்பில்). இரண்டு நாள் பவர் குவெரி வகுப்புக்கு அனுமதியும் 1,800 ரிங்கிட்டும் கேட்கிறேன். வகுப்பு முடிந்து ஒரு மாதத்தில் மூன்று வங்கிக்கும் ஒரே கோப்பைத் தயார்செய்து, மற்ற மூவருக்கும் சொல்லித் தருகிறேன். மிச்சமாகும் ஐந்து மணியை நிலுவை வசூலுக்குப் பயன்படுத்தலாம். வகுப்பு மாத நடுவில் வருகிறது. அந்த இரண்டு நாளும் என் வேலையைப் பார்த்துக்கொள்ளச் சக ஊழியர் ஒப்புக்கொண்டுவிட்டார். லெவியில் தொகை இருப்பதை எச்ஆர் உறுதிசெய்திருக்கிறது. 20ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் லெவி விண்ணப்பத்துக்கு நேரம் இருக்கும்.

"சொல்லித் தருகிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பயன் உங்கள் ஒருவரோடு நின்றுவிடும், குழுவுக்கான பயன் என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு நாளையும் குறித்துவிட்டால் இன்னும் நல்லது.

"படித்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டால்?" என்று நிறுவனம் கேட்டு, குறிப்பிட்ட காலம் வேலையில் இருப்பதாக ஒப்பந்தம் போடச் சொல்லலாம். கையெழுத்துப் போடும் முன், இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டியது முழுத்தொகையா, மீதிக் காலத்துக்கு மட்டுமா என்று படித்துப் பாருங்கள். இரண்டு நாள் வகுப்புக்கு இரண்டு வருட ஒப்பந்தம் நியாயம் இல்லை. காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.