ஐந்தில் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எனக்கு அது முதல் குளிர்காலம். வகுப்பு முடிந்து விடுதி அறைக்குத் திரும்பியதும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குமிழை ஒரேயடியாக 5-க்குத் திருப்புவேன். நம் ஊர் மின்விசிறி ரெகுலேட்டர் பழக்கம்! ஒரு மணி நேரத்தில் அறை அடுப்படியாகிவிடும். உடனே ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைப்பேன்.

அடுத்த அறை மாணவி பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தக் குமிழ் வேகத்தைக் கூட்டுவதில்லை. எந்த வெப்பநிலையில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. ஒவ்வோர் எண்ணுக்கும் சுமார் 4 டிகிரி வித்தியாசம். குளிர்ந்த அறை 3-இல் வைத்தாலும் 5-இல் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சூடாகும்.

குமிழுக்குள் இருக்கும் உணரி தன்னைச் சுற்றியுள்ள காற்றை மட்டுமே அறியும். ஜன்னல் சாய்ந்திருந்தால் குளிர்காற்று அதன்மேல் விழும். ரேடியேட்டருக்குள் வெந்நீரை விடும் வால்வு முழுதாகத் திறந்து, தெருவைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். என் தடித்த திரைச்சீலை செய்தது இதற்கு நேர்மாறு. குமிழை மூடி வெப்பத்தை அங்கேயே தேக்கியதால் வால்வு அடைத்துக்கொண்டது. ரேடியேட்டர் ஆறிக் கிடக்க, நான் போர்வைக்குள் நடுங்கினேன்.

இப்போது திரைச்சீலையை ஒதுக்கி, குமிழை 3-இல் விட்டுவிடுகிறேன். காற்றோட்டத்துக்கு, குமிழை பனிச்செதில் குறிக்குத் திருப்பிவிட்டு ஜன்னலை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுகிறேன். பிறகு மறுபடி 3.