ஐ பீமில் ஷியர் ஸ்ட்ரெஸ்: காணாமல் போன 25 கிலோ நியூட்டன்

ஐ பீமின் ஷியர் ஸ்ட்ரெஸ் படத்தை முதன்முதலில் நானே கணக்குப் போட்டு வரைந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலே சுழியத்தில் தொடங்கி நடுவில் உச்சம் தொட்டு மறுபடியும் சுழியத்துக்கு இறங்கும் ஒரே வழவழப்பான வளைவு. அது தப்பு என்று தெரிய இரண்டு நாள் ஆனது. அந்தத் தப்பைச் சுற்றித்தான் இந்தப் பதிவு. I கண்டுபிடிப்பது எப்படி, ஷியர் ஃபோர்ஸ் படம் வரைவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் பீம் மூன்று தகடுகளை வெல்டிங் செய்து உண்டாக்கியது. மொத்த உயரம் 300 மி.மீ. ஃபிளாஞ்ச் இரண்டும் 140 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனம். நடுவில் நிற்கும் வெப் 8 மி.மீ. கனம், 276 மி.மீ. உயரம். ஒரு வெட்டுமுகத்தில் வரும் ஷியர் ஃபோர்ஸ் 100 கிலோ நியூட்டன். சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

τ = V·Q / (I·b)

இது ரஷ்யப் பொறியாளர் ஜுராவ்ஸ்கியின் வழி. பீட்டர்ஸ்பர்க் – மாஸ்கோ ரயில் பாதைக்கு மரப் பாலங்கள் கட்டிய காலத்தில் அவருக்கு இந்தக் கேள்வி வந்தது. மரம் நார் வாக்கில் எளிதில் பிளக்கும். அதனால் பீமின் நீளவாக்கில் வரும் ஷியரை அவரால் கண்டும் காணாமல் விட முடியவில்லை. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும்.

படி 1: I. முழுச் செவ்வகத்திலிருந்து இரு பக்க வெற்றிடங்களைக் கழித்துவிடுங்கள்.

I = (140×300³ − 132×276³) / 12 = 83.73×10⁶ mm⁴

படி 2: Q. நாம் வெட்டும் கோட்டுக்கு மேலே இருக்கும் பரப்பை, அதன் மையம் நடுநிலை அச்சிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். தூரத்தை வெட்டுக்கோட்டிலிருந்து அளந்துவிடாதீர்கள். ஃபிளாஞ்ச் முழுவதற்கும்:

Q = 140×12×144 = 241920 mm³

நடுநிலை அச்சில் வெட்டினால் ஃபிளாஞ்சோடு பாதி வெப்பும் சேரும்:

Q = 241920 + 8×138×69 = 318096 mm³

படி 3: b. நான் விழுந்த பள்ளம் இதுதான். ஃபிளாஞ்சும் வெப்பும் சேரும் இடத்தில் Q ஒன்றுதான், ஆனால் b இரண்டு. கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே வெட்டினால் அகலம் 140. ஒரு மயிரிழை கீழே வெட்டினால் 8.

மேலே: τ = 100000×241920 / (83.73×10⁶×140) = 2.06 மெகாபாஸ்கல்

கீழே: τ = 100000×241920 / (83.73×10⁶×8) = 36.12 மெகாபாஸ்கல்

ஒரே இடத்தில் பதினேழரை மடங்கு தாவல், அதாவது 140-ஐ 8-ஆல் வகுத்தது. நான் இந்த இடத்துக்கு 140-ஐ மட்டும் போட்டு, 2.06-லிருந்து நடு உச்சத்துக்கு ஒரு வளைவை இழுத்துவிட்டேன். படத்தில் தாவல் வந்தால் கணக்கு தப்பு என்று மனசுக்குள் ஒரு எண்ணம். ஐ பீமில் தாவல் வரவில்லை என்றால்தான் தப்பு.

படி 4: உச்சம். நடுநிலை அச்சில்:

τ = 100000×318096 / (83.73×10⁶×8) = 47.49 மெகாபாஸ்கல்

ஆக, உச்சம் நடுநிலை அச்சில். ஆனால் 'உச்சம் எப்போதும் நடுநிலை அச்சில்தான்' என்று மனப்பாடம் செய்யாதீர்கள். உச்சம் வருவது Q/b அதிகமாக இருக்கும் இடத்தில். வெப்பின் கனம் மேலிருந்து கீழ்வரை மாறாததால் இங்கே அது நடுநிலை அச்சில் விழுகிறது. முக்கோண வெட்டுமுகத்தில் பாதி உயரத்தில் வரும், நடுநிலை அச்சோ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும்.

படி 5: கூட்டிப் பாருங்கள். யாரும் செய்யாத படி, எனக்கு மிகவும் பிடித்த படி. ஸ்ட்ரெஸைப் பரப்பு முழுக்கக் கூட்டினால் போட்ட 100 கிலோ நியூட்டன் திரும்பி வர வேண்டும். வெப்பில் சராசரி ஸ்ட்ரெஸ் 36.12 + ⅔×(47.49 − 36.12) = 43.70. பரப்பு 276×8 = 2208. பெருக்கினால் 96.5 கிலோ நியூட்டன். ஃபிளாஞ்ச் இரண்டும் சேர்ந்து 3.5. சரி, 100 வந்துவிட்டது.

என் பழைய வழவழ வளைவை இதே மாதிரி கூட்டினால் வெப்பில் 71.4, ஃபிளாஞ்சோடு 75 தான். மிச்சம் 25 கிலோ நியூட்டன் எங்கே போனது என்று தேடியபோதுதான் b கண்ணில் பட்டது. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், கால்குலேட்டரும் கட்டம் போட்ட தாளும் போதும். மென்பொருள் வண்ணப்படம் காட்டும், 25 குறைகிறது என்று தானாக வந்து சொல்லாது.

வெப் மட்டும் 96.5 சதவீதம் சுமக்கிறது என்பதால்தான் 100000/2208 = 45.3 என்ற சராசரியை வைத்தே டிசைனில் வேலையை முடிக்கிறார்கள். உண்மை உச்சத்துக்கும் அதற்கும் 5 சதவீதம்தான் வித்தியாசம். செவ்வக பீமில் இப்படிச் செய்தால் அடி வாங்குவீர்கள், அங்கே உச்சம் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு.

ஃபிளாஞ்சில் வந்த 2.06-ஐ ரொம்ப நம்பவும் வேண்டாம். வெப்புக்கு இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாஞ்சின் அடிப்பக்கம் வெறும் காற்று. அங்கே செங்குத்து ஷியர் சுழியமாகத்தான் இருக்க முடியும். ஃபிளாஞ்சில் உண்மையில் பெரியது கிடைமட்ட ஷியர். விளிம்பில் சுழியம், வெப்பை நெருங்க நெருங்க நேர்கோடாக ஏறும். வெப்பின் முகத்தில், 66 மி.மீ. உள்ளே:

τ = 100000×66×144 / (83.73×10⁶) = 11.35 மெகாபாஸ்கல்

பின்சேர்க்கை: 'அப்படியென்றால் ஃபிளாஞ்சையும் வெப்பையும் பிடித்திருக்கும் வெல்டிங்குக்கு 2.06-ஆ, 36.12-ஆ?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டும் இல்லை. வெல்டிங்குக்கு b-ஐ விட்டுவிடுங்கள். ஜுராவ்ஸ்கியின் மரம் நீளவாக்கில் பிளக்கப் பார்த்தது போல, இங்கே ஃபிளாஞ்ச் வெப்பின் மேல் நீளவாக்கில் வழுக்கப் பார்க்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு அதைத் தடுக்க வேண்டிய விசை:

q = V·Q/I = 100000×241920 / (83.73×10⁶) = 289 N/mm

வெப்பின் இரு பக்கமும் ஃபில்லட் வெல்ட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 144. 5 மி.மீ. வெல்டின் தொண்டைக் கனம் 3.5 மி.மீ., ஆக 41 மெகாபாஸ்கல். வெப்பில் கிடைத்த 36-ஐ விட அதிகம், ஏனென்றால் இரண்டு தொண்டையும் சேர்ந்து 7 மி.மீ. தான், வெப் 8. ஒரு பக்கம் மட்டும் வெல்ட் அடித்திருந்தால் இது 83 ஆகிவிடும். அதனால் வரைபடத்தில் வெல்ட் குறி கோட்டின் ஒரு பக்கம் இருக்கிறதா, இரு பக்கமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கணக்கைத் தொடங்குங்கள்.