30 கிலோ என்றால் எது 30 கிலோ? லக்கேஜ் அறிவிப்பைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மச்சான் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒரு போட்டோ அனுப்பினார். விமான கம்பெனி கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்த லக்கேஜ் அறிவிப்பு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபி. நடுவில் டியூப்லைட் வெளிச்சம் பளீரென்று அடித்திருந்தது, கீழே அவர் கட்டைவிரல் கொஞ்சம் மறைத்திருந்தது. "ரூம்ல ஏழு பேர் இருக்கோம் மாப்ள, எல்லாருக்கும் ஆகும். தமிழ்ல எழுதிக் குடு, செவுத்துல ஒட்டிடுறோம்" என்றார்.

பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அப்புறம் நிதானமாகப் பார்த்தால் நாலு இடத்தில் சறுக்கியிருந்தேன். மூன்று இடங்களில் எண்களெல்லாம் சரிதான். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதுதான் தமிழில் மாறிப்போயிருந்தது. இந்த வகை அறிவிப்பில் இதுதான் அடிக்கடி நடக்கும். எண்ணை எல்லோரும் கவனமாகப் பார்த்து எழுதுகிறோம், அதன் பக்கத்தில் இருக்கும் சின்னச் சொல்லை விட்டுவிடுகிறோம்.

முதலில் தலைப்புச் சொல். 'செக்டு பேகேஜ்' என்பதை 'சோதிக்கப்பட்ட சாமான்' என்று எழுதியிருந்தேன். ஸ்கேனருக்குள் போய்வரும் எல்லாமே சோதிக்கப்பட்டதுதானே, கையில் கொண்டுபோகும் பை உட்பட? இங்கே 'செக்' என்றால் சோதனை இல்லை. கவுன்டரில் எடைபோட்டு, டேக் ஒட்டி, நம் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. 'கவுன்டரில் போடும் லக்கேஜ்', 'கூடவே கொண்டுபோகும் பை' என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. அதே மாதிரி 'அலவன்ஸ்' என்றதும் கை தானாகப் 'படி' என்று எழுதப் பார்க்கும். பஞ்சப்படி, பயணப்படி எழுதிப் பழகிய கை. இதில் யாரும் யாருக்கும் பணம் தரவில்லை. 'கட்டணமில்லாமல் கொண்டுபோகக்கூடிய எடை', அவ்வளவுதான். 'பெர்சனல் ஐட்டம்' என்பதும் பல்துலக்கி, சீப்பு சமாசாரம் இல்லை. முன் சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்னப் பை. அதன் எடை கூடவே கொண்டுபோகும் பைக்கான 7 கிலோவுக்குள் சேர்த்தியா, தனியா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மச்சான் அனுப்பிய பலகையில் இரண்டும் சேர்த்து 7 கிலோ. 'சேர்த்து' என்ற அந்தச் சொல்லை விட்டிருந்தால், ஏழு பேரும் 7 கிலோ பையோடு லேப்டாப் பையையும் தனியாகத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

அடுத்தது '30 கிலோ, அதிகபட்சம் 2 பீஸ்'. நான் எழுதியது: '30 கிலோ, 2 பெட்டிகள்'. இதைப் படிப்பவர் பெட்டிக்கு 30 என்று எடுத்துக்கொண்டால் 60 கிலோ கட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, என் தமிழில் இரண்டுக்கும் இடமிருந்தது. விமான கம்பெனிகள் இதை இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கும். ஒன்று, மொத்த எடைக் கணக்கு. பெட்டி ஒன்றோ இரண்டோ, எல்லாம் சேர்ந்து இத்தனை கிலோ. வளைகுடா பயணங்களில் நிறையப் பார்ப்பது இது. இன்னொன்று, பெட்டிக் கணக்கு. 'இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ' என்று அமெரிக்கா போகிறவர்கள் சொல்வது இது. இதில் ஒரு பெட்டி 26, இன்னொன்று 20 என்று ஈடுகட்ட முடியாது. 26 கிலோ பெட்டிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். ஆகவே தமிழில் 'மொத்தம்' அல்லது 'ஒவ்வொன்றும்' என்று இரண்டில் ஒன்று எழுதியே தீர வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும், எது பொருள் என்று தெரிந்துகொண்டு நாம் போட வேண்டும்.

அந்த 30-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. நட்சத்திரம் இருந்தால் கீழே எங்கேயோ அடிக்குறிப்பு இருக்கும். அதுதான் கட்டைவிரலுக்கு அடியில் போயிருந்தது. மறுபடி போட்டோ எடுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தால், 'எந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டினால் ஏற்கப்படாது' என்று இருந்தது. 30 கிலோ அனுமதி உள்ளவருக்கு 32 கிலோ வரம்பு எதற்கு என்று தோன்றும். 10 கிலோ கூடுதலாகக் காசு கட்டி வாங்கியவருக்கு மொத்தம் 40 ஆகிறது இல்லையா? அவர் கம்பளி, டிடர்ஜென்ட் பவுடர், பிள்ளைகளுக்கு வாங்கியது எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி வந்தால், பணம் கட்டியிருந்தும் அந்தப் பெட்டி போகாது. அதைத் தூக்கி ஏற்றுகிற தொழிலாளியின் இடுப்பைக் காப்பாற்றத்தான் இந்த 32. பணம் கட்டினால் தளர்கிற வரம்பு ஒன்று, எவ்வளவு கட்டினாலும் தளராத வரம்பு இன்னொன்று. இரண்டையும் 'அதிகபட்சம்' என்ற ஒரே சொல்லால் எழுதினால் வித்தியாசம் தெரியாது. முன்னதற்கு 'இலவசம்' என்றும், பின்னதற்கு 'ஏற்க மாட்டார்கள்' என்றும் எழுதினேன்.

இப்போது பணம். நான் எண்ணையே தப்பாக எடுத்த ஒரே இடம் இதுதான். கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு இத்தனை ரியால் என்ற வரியின் மேல்தான் டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருந்தது. 3500 என்று கண்ணுக்குப் பட்டது, அப்படியே எழுதினேன். ஒரு ஓமான் ரியாலே இருநூறு ரூபாய்க்கு மேல். கிலோவுக்கு 3500 ரியால் என்றால் லக்கேஜை விட்டுவிட்டு விமானத்தையே பேரம் பேசலாம். உண்மையில் அது 3.500. ஓமான் ரியாலுக்கு 1000 பைசா, அதனால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் போடுவார்கள். குவைத் தினார், பஹ்ரைன் தினார் இரண்டிலும் இதே முறைதான். நம் ரூபாய்க்கும் சவூதி ரியாலுக்கும் இரண்டு இலக்கம்தான் என்பதால் பழகாத கண் மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் ஆயிரம் என்று படித்துவிடும். தமிழில் '3.5 ரியால்' என்றும் சுருக்க வேண்டாம், அதை 3 ரியால் 5 பைசா என்று படிப்பவர் உண்டு. '3 ரியால் 500 பைசா' என்று விரித்து எழுதினால் தகராறே இல்லை.

புள்ளி இருக்கிறதா என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அரபிப் பக்கம். அங்கே வெளிச்சம் அடிக்கவில்லை. அரபி தெரியாவிட்டாலும் அந்த எண்களைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம், இந்த வேலைக்கு ரொம்பவே உதவும். ஆனால் ஏமாற்றும் எண்கள் சில உண்டு. அவர்களுடைய ஐந்து நம் சுழியம் மாதிரி வட்டமாக இருக்கும். அவர்களுடைய சுழியம் வெறும் புள்ளி. ஆறு நம் ஏழு மாதிரி தெரியும். ஏழும் எட்டும் நிமிர்த்திய ஆப்பும் கவிழ்த்த ஆப்பும். பத்திகள் வலமிருந்து இடமாகப் போனாலும், எண்ணை மட்டும் நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்து எண்ணும் அரபிப் பக்கத்து எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், நம் கண்ணில்தான் கோளாறு என்று முதலில் சந்தேகப்படுவது நல்லது.

அதே வரியில் 'ஆர் பார்ட் தேர்ஆஃப்' என்ற வால் ஒன்று இருந்தது. 'அல்லது அதன் பகுதி' என்று எழுதினால் தமிழில் அது எதையும் சொல்லாது. 'ஒரு கிலோவுக்குக் குறைவான மிச்சத்துக்கும் முழுக் கிலோ கட்டணம்' என்பதுதான் பொருள். மச்சானின் ரூமில் இரண்டு பெட்டியையும் தூக்குத் தராசில் போட்டபோது மொத்தம் 33.4 கிலோ காட்டியது. கூடுதல் 3.4. கட்ட வேண்டியது 4 கிலோவுக்கு, அதாவது 14 ரியால். அந்த 400 கிராமை எடுத்துக் கைப்பைக்கு மாற்றினாலே 3 ரியால் 500 பைசா மிச்சம்.

கடைசியாகத் தடைப் பட்டியல். இங்கே எண்ணைவிடத் தலைப்புதான் ஆபத்து. பலகையில் இரண்டு கட்டம், ஒன்றன் மேல் பெட்டிப் படம், இன்னொன்றன் மேல் கைப்பைப் படம், இரண்டிலும் சிவப்புக் கோடு. நான் இரண்டையும் சேர்த்துத் 'தடைசெய்யப்பட்ட பொருட்கள்' என்று ஒரே பட்டியலாக்கிவிட்டேன். அதில் பவர் பேங்க் இருந்தது. பெட்டிக்குள் வைக்கக்கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. சரக்கு அறையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், கேபினில் என்றால் உடனே கவனிக்கலாம். என் பட்டியலைப் படித்தவர் ஒன்று அதை ரூமிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார், இல்லையென்றால் யார் கண்ணிலும் படாமல் பெட்டிக்குள் துணிக்கு நடுவே சுருட்டி வைத்திருப்பார். இரண்டாவதுதான் பயம். ஒவ்வொரு பொருளுக்கும் 'பெட்டியில் கூடாது' அல்லது 'கையில் கூடாது' என்று தனித்தனியாக எழுதுவது கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேறு வழியில்லை.

பவர் பேங்கின் அளவுக்கும் வரம்பு உண்டு. 100 Wh, அதாவது வாட்-மணி, வரை தடையில்லை, 100 முதல் 160 வரை விமான கம்பெனியிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பலகையில் Wh இருக்கும், கையில் இருக்கும் பவர் பேங்கிலோ பெரிய எழுத்தில் mAh இருக்கும். இதை அப்படியே மொழிபெயர்த்தால் 20000 என்று போட்ட பவர் பேங்க் வைத்திருப்பவர் 100-ஐப் பார்த்துப் பதறிப்போவார். கணக்கு இது, 3.7 V என்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் வழக்கமான வோல்ட்டேஜ்:

```
20000 mAh × 3.7 V ÷ 1000 = 74 Wh
```

74 என்றால் தாராளமாகக் கொண்டுபோகலாம். மொழிபெயர்ப்புக்கு அடியில் இந்த ஒரு வரியைச் சேர்த்தேன். மூலத்தில் இல்லாததுதான், அதனால் 'என் குறிப்பு' என்று போட்டுவிட்டேன்.

'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. முன்னால் 'இன்' இருப்பதால் 'எரியாதது' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது.

மச்சான் திரும்பிப் போகும்போது அக்காவுக்கு வேறு கவலை, கொப்பரை கொடுத்துவிடலாமா என்று. இந்திய விமான நிலையங்களில் கவுன்டரில் போடும் லக்கேஜில் கொப்பரை கூடாது என்று 2022-இல் தடை வந்தது. எண்ணெய் மிகுந்த பொருள், சூடேறித் தானாகவே தீப்பிடிக்கலாம் என்பது காரணம். அறிவிப்பில் உள்ள 'காப்ரா'வைத் 'தேங்காய்' என்று எழுதினால் பச்சைத் தேங்காயையும் சேர்த்துத் தடுத்துவிடுவோம். கைப்பையில் தேங்காய்க்குத் தனியாகத் தடை உண்டு. சபரிமலை போகிறவர்களின் இருமுடித் தேங்காயை மட்டும் 2024-25 சீசனில், 2025 ஜனவரி 20 வரை கையில் கொண்டுபோக விட்டார்கள். நமக்குத் தேங்காய் வேறு, கொப்பரை வேறு என்று சொல் இருக்கிறது, அதை விட்டுவிடுவானேன்.

சுவரில் ஒட்டிய கடைசி வடிவம் இது:

கவுன்டரில் போடும் லக்கேஜ்: எல்லாம் சேர்த்து மொத்தம் 30 கிலோ இலவசம். இரண்டு பெட்டிக்கு மேல் கூடாது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், பணம் கட்டினாலும் ஏற்க மாட்டார்கள்.
கூடவே கொண்டுபோகும் பை: ஒன்று. சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்னப் பையும் சேர்த்து 7 கிலோ.
கூடுதல் எடை: கிலோவுக்கு 3 ரியால் 500 பைசா. மிச்சம் 100 கிராம் என்றாலும் முழுக் கிலோவுக்குக் கட்ட வேண்டும்.
பவர் பேங்க்: பெட்டியில் கூடாது, கையில் மட்டும்.

அதற்கு மேலே போட்டோ எடுத்த தேதியையும் 'மஸ்கட் - திருச்சி' என்பதையும் பெரிதாக எழுதச் சொன்னேன். ரூமில் இரண்டு பேர் கொச்சிக்குப் போகிறவர்கள், வேறு கம்பெனி டிக்கெட்.